தறியில் இருக்கும் நூல்

கோயம்புத்தூரிலிருந்து வேலந்தாவளம் வழியாகச் சித்தூர் போகும் பேருந்தில் கேரளா எங்கே தொடங்கியது என்பதைப் பலகைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். எழுத்து மலையாளமாகிவிடுகிறது, பேச்சு மாறுவதில்லை. கொழிஞ்சாம்பாறையில் ஏறிய பெண்கள் கொங்குத் தமிழில் நடத்துநரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டார்கள். நடத்துநரும் தமிழிலேயே பதில் சொன்னார். சித்தூர் தாலுகா முழுவதும் இப்படித்தான். பாலக்காடு மலபார் மாவட்டத்தோடு சென்னை மாகாணத்தில் இருந்தபோது சித்தூர் கொச்சி மன்னரின் கையில் இருந்தது. 1956-ல் இரண்டும் கேரளத்துக்குள் வந்தன. தமிழ் பேசுகிறவர்களும், வீட்டுக்குள் கன்னடம் கலந்த மொழி பேசும் தேவாங்க நெசவாளர்களும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

ஆடிக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் முப்பது கிலோமீட்டருக்கு மேல் அகலமாகத் திறந்து கிடக்கிறது. அதன் வழியாக ஆடியில் மேற்கிலிருந்து ஈரத்தோடும், கார்த்திகை மார்கழியில் கிழக்கிலிருந்து வறட்சியோடும் காற்று வருகிறது. இந்த இரண்டு காற்றும் நெசவுக் கணக்கில் எப்படி நுழைகின்றன என்பதை அன்று மாலைக்குள் தெரிந்துகொண்டேன்.

என்னை வரச் சொன்னவர் கூட்டுறவுத் தணிக்கைத் துறையில் வேலை பார்க்கும் நண்பர், கொழிஞ்சாம்பாறைக்காரர். சித்தூர் தாலுகாவில் ஒரு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டுத் தணிக்கைக்குப் போகிறார். சங்கத்தின் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. அங்கே பார்த்தது அந்த ஒரு சங்கத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதும் அதற்குக் காரணம். செயலாளர் அனுமதித்ததால் நானும் மேசையோரம் உட்கார்ந்தேன்.

"மூணு ரிஜிஸ்டரை எடுங்க சார்" என்றுதான் நண்பர் ஆரம்பித்தார். நூல் பட்டுவாடா, கூலி, துணி இருப்பு. மூன்றும் தனித்தனிக் கட்டாக வந்தன. அவர் மூன்றையும் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விரித்துவைத்து, ஒரே நெசவாளரின் பக்கத்தை மூன்றிலும் தேடினார். சங்கத்திலிருந்து நூலாகப் போனது துணியாகத் திரும்ப வரவேண்டும். வந்த துணிக்குக் கூலி போகவேண்டும். ஒரே சரக்குதான் மூன்று பதிவேடுகளிலும் நடமாடுகிறது. ஒன்றில் பொய் எழுதினால் மற்ற இரண்டிலும் அதற்கேற்ற பொய் எழுதவேண்டியிருக்கும். மூன்றையும் பொருத்தி எழுதும் அளவுக்குப் பொறுமை உள்ளவர்கள் குறைவு என்றார்.

முதலில் அளவு தெரியவேண்டும். இந்தச் சங்கத்தில் பெரும்பாலும் 100-ஆம் நம்பர் பருத்தி நூலில் வெளுப்புப் புடவை நெய்கிறார்கள். நூல் நம்பர் என்பது ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் நீளமுள்ள எத்தனை சிட்டம் இருக்கிறது என்ற கணக்கு. 100-ஆம் நம்பரில் ஒரு பவுண்டுக்கு 100 சிட்டம். அப்படியானால் ஒரு சிட்டம் ஏறக்குறைய நாலரை கிராம். பத்து பவுண்டு கொண்ட ஒரு கட்டில் 1000 சிட்டம் இருக்கும்.

ஒரு பாவில் 12 புடவை. புடவை ஐந்தரை மீட்டர், அகலம் 48 அங்குலம். அங்குலத்துக்கு 72 இழை வைத்து, கரைக்குச் சில இழைகள் சேர்த்தால் பாவில் சுமார் 3500 இழை வரும். 12 புடவைக்கு 66 மீட்டர் துணி. நெய்யும்போது இழை வளைவதாலும், தறியின் முன்னும் பின்னும் வெட்டிப்போகும் மிச்சத்தாலும் பாவை 70 மீட்டராக ஓட்டவேண்டும். 3500 இழை, 70 மீட்டர்: மொத்தம் 2 லட்சத்து 45 ஆயிரம் மீட்டர் நூல். 100-ஆம் நம்பர் நூலில் ஒரு கிராமுக்கு சுமார் 169 மீட்டர். ஆகவே பாவின் எடை 1.45 கிலோ. அங்குலத்துக்கு 68 ஊடை போட்டால் 66 மீட்டருக்கு ஊடை நூல் 1.30 கிலோ ஆகிறது. மொத்தம் 2.75 கிலோ. பன்னிரண்டால் வகுத்தால் புடவைக்கு 229 கிராம்.

சங்கம் ஒரு பாவுக்குக் கொடுப்பது பாவு நூல் ஒன்றரை கிலோவும் ஊடை நூல் 1.4 கிலோவும். ஆக 2.9 கிலோ. இரண்டுக்கும் உள்ள 150 கிராம்தான் கழிவுக்கு விட்ட இடம். அறுந்த இழை, தார் சுற்றும்போது சிக்கிப்போவது, தறியில் மிஞ்சும் நுனி எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். மெல்லிய நூலுக்கு ஐந்து சதவீதக் கழிவு அதிகமில்லை.

இவ்வளவையும் ஒரு துண்டுத் தாளில் போட்டுவிட்டுத்தான் நண்பர் பதிவேட்டைத் திறந்தார். நான் பார்த்த சில தணிக்கைகளில் கூட்டல் கழித்தல் சரியா என்று மட்டும் பார்ப்பார்கள். ஒரு புடவைக்கு எவ்வளவு நூல் போகும் என்று கேட்காத தணிக்கை, சங்கத்தின் கூட்டலைச் சரிபார்க்கிறதே ஒழிய சங்கத்தைப் பார்ப்பதில்லை.

கிடங்குக்குப் போனோம். பத்துப் புடவைகளை எடுத்துத் தராசில் வைத்தார். சராசரி 230 கிராம் வந்தது. செயலாளர் முகம் தெளிந்தது. எனக்கும் கணக்கு முடிந்துவிட்டதாகத்தான் தோன்றியது. நண்பர் பையிலிருந்து ஊடை எண்ணும் கண்ணாடியை எடுத்தார். மடக்கி நிறுத்தக்கூடிய சிறிய பித்தளைச் சட்டம். கீழே ஓர் அங்குலச் சதுரத் திறப்பு, மேலே பூதக்கண்ணாடி. துணியின்மேல் வைத்து ஊசி முனையால் இழையை ஒவ்வொன்றாக எண்ணினார். ஒரு புடவையில் மூன்று இடம், முகப்பு, நடு, கடைசி. ஆறு புடவைகளில் 67, 68, 69 என்று வந்தது. நாலு புடவைகளில் 60 சுற்றி வந்தது.

ஊடை 68-லிருந்து 60 ஆனால் புடவைக்குப் பதின்மூன்று கிராம் நூல் குறையும். அப்படியானால் தராசு ஏன் காட்டவில்லை? பாவுக்குக் கஞ்சி போடுகிறார்கள். அரிசிக் கஞ்சி இழையில் ஏறி, நெய்து முடித்த துணியிலும் தங்கிவிடுகிறது. ஐந்தாறு சதவீதம் எடை அதனாலேயே கூடும். கூடும் எடை பதினொன்றிலிருந்து பதினாலு கிராம். சில புடவைகளில் குறைந்த நூலின் எடையும், மற்றவற்றில் ஏறிய கஞ்சியின் எடையும் சராசரியில் ஒன்றையொன்று அடைத்துக்கொண்டன. அந்த ஆறு நல்ல புடவைகளைத் தனியாக நிறுத்தபோது 240 கிராமை ஒட்டிக் காட்டின. நாலு இளைத்த புடவைகள் 216 முதல் 218-க்குள் நின்றன. கஞ்சி குறைவாகப் போட்ட பாவு அவை. எல்லாவற்றையும் கலந்து சராசரி எடுத்ததால் 230 என்று வந்து எங்களை ஏமாற்றப் பார்த்தது. சராசரியை நம்பி எழுந்திருந்தால் இது தெரிந்திருக்காது.

பருத்தி ஈரத்தையும் இழுக்கும். நூலின் வணிக எடையில் எட்டரை சதவீத ஈரத்தைச் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். ஆடி மழையில் அது கூடும், மார்கழிக் காற்றில் குறையும். மார்ச் கடைசியில் நிறுத்த நூலை ஜூலையில் மறுபடி நிறுத்து, கிலோக் கணக்கில் வித்தியாசத்தைச் சங்கத்தின் தலையில் கட்டுவது அநியாயம். அதனால் நண்பர் கிடங்கிலிருந்த நூலைக் கட்டாகவும், பிரித்த கட்டைச் சிட்டமாகவும் எண்ணினார். சிட்டத்தின் எண்ணிக்கை மழையில் கூடாது. இடுக்கிப் பக்கம் எல்லையோரச் சங்கங்களுக்குப் போனால் தறி இருக்காது, ஏலக்காயும் மிளகும்தான். அங்கேயும் ஈரத்தால் எடை மாறும் தொல்லை உண்டு, ஆனால் ஏலக்காயை எண்ண முடியாது என்றார்.

ஊடை குறைத்தவர் யார் என்று புடவையின் ஓரத்தில் கட்டிய சீட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தது. செயலாளர் கோபத்தோடு பெயரைச் சொன்னார். நண்பர் அந்த நெசவாளரின் கூலிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசவில்லை. கூலி புடவைக்கு இவ்வளவு என்று இருக்கிறது. 68 ஊடைக்கு ஒரு புடவையில் நாடா சுமார் 14,700 தடவை ஓடவேண்டும். 60 ஊடைக்கு 13,000. ஒரு புடவைக்கு 1700 தடவை மிச்சம். நிமிஷத்துக்கு நாற்பது வீச்சு என்றால் முக்கால் மணி நேரம். நூலைத் திருடி விற்பதற்காக அவர் இதைச் செய்யவில்லை, நேரத்தைத்தான் மிச்சம் பிடித்தார். மிச்சமான ஊடை நூல் அவர் வீட்டிலேயே கிடந்தது. அடுத்த பாவுக்குக் குறைவாக வாங்கியிருந்தார், அது பட்டுவாடாப் பதிவேட்டிலேயே இருந்தது. கூலியைப் புடவைக்கு என்று வைத்து ஊடையை யாரும் எண்ணாமல் விட்டால் இது எந்த ஊரிலும் நடக்கும். துணியை வாங்கிக்கொள்ளும் இடத்தில் கண்ணாடி வைத்து எண்ணி, ஊடைக்கு ஏற்பக் கூலி என்று வைத்தால் நிற்கும். தணிக்கைக் குறிப்பில் நண்பர் அப்படியே எழுதினார், நெசவாளரின் பெயரைச் சேர்க்கவில்லை.

14,700 என்ற எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வது வேறொன்றுக்கும் உதவும். ஒரு தறியிலிருந்து ஒரே நாளில் மூன்று புடவை வந்ததாகப் பதிவேடு சொன்னால், நாடா 44,000 தடவை ஓடியிருக்கவேண்டும். அறுந்த இழை கட்டாமல், தார் மாற்றாமல், சாப்பிடாமல் ஓட்டினாலும் பதினெட்டு மணி நேரம். அது விசைத்தறித் துணி. எல்லைக்கு அப்பாலிருந்து, நம் பக்கத்திலிருந்துதான், லாரியில் வருகிறது. பாரதப்புழையும் காயத்ரிப்புழையும் சேரும் இடத்தில் திருவில்வாமலைக்கு அருகே குத்தாம்புள்ளி இருக்கிறது. கொச்சி அரச குடும்பம் அழைத்து வந்து குடியமர்த்திய தேவாங்கர்களின் ஊர். புவிசார் குறியீடு பெற்ற புடவை. அந்தப் பெயரை ஒட்டி விற்கப்படும் விசைத்தறித் துணியால் அங்குள்ள உண்மையான நெசவாளர்கள் படும் பாடு இந்தப் பகுதி முழுவதும் பேச்சில் அடிபடுகிறது. கண்ணால் துணியைப் பார்த்து இது கைத்தறி, இது விசைத்தறி என்று தீர்ப்புச் சொல்வது கஷ்டம். பதிவேட்டில் தேதியையும் தறியையும் பார்ப்பது எளிது. நாங்கள் பார்த்த சங்கத்தில் எந்தத் தறியும் ஒரு நாளில் ஒன்றுக்கு மேல் கொடுக்கவில்லை. அந்த வகையில் சுத்தமான சங்கம்.

கேரள அரசு 2017-ல் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை கொடுக்கத் தொடங்கியபின் கூலிக் கணக்கு கொஞ்சம் மாறியிருக்கிறது. சீருடைத் துணிக்கான கூலி நெசவாளரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போகிறது. சங்கத்தின் கையில் காசு வருவதில்லை. தணிக்கையாளருக்கு இது நல்லது, வங்கிப் பட்டியலோடு ஒப்பிடலாம். நெசவாளருக்குப் பாதி நல்லது. பணம் தாமதமானால் முன்போல் செயலாளரிடம் போய்க் கைமாற்றாவது கேட்க முடியாது. "சங்கத்தில கேட்டா கவர்மெண்டுங்கறாங்க, கவர்மெண்டு எங்க இருக்குதுன்னு எங்களுக்குத் தெரியலீங்க" என்று ஒரு அக்கா சொன்னார்.

மறுநாள் துணி இருப்பு. தணிக்கை சான்று தரவேண்டியது மார்ச் 31-ஆம் தேதி இருப்புக்கு. நாங்கள் நிற்பதோ ஜூலையில். ஓணத்துக்கு இன்னும் சில வாரங்கள் இருந்ததால் கிடங்கு நிறைந்திருந்தது. ஓணம் சமயத்தில் கைத்தறிக்கு 20 சதவீதத் தள்ளுபடி கொடுத்து, அதை அரசிடமிருந்து சங்கம் பின்னால் பெறும். அதனால் வியாபாரத்தை எல்லாம் அந்த நாட்களுக்குத் தள்ளிவைப்பார்கள். இப்போது எண்ணுவதை வைத்து மார்ச் 31-க்குப் பின்னோக்கிப் போகவேண்டும்.

மாலைவரை எண்ணினோம். அடுக்கின் மேல் இரண்டை எண்ணிவிட்டு உயரத்தைப் பார்த்துப் பெருக்குவது வழக்கம். நண்பர் அதை ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வொரு மடிப்பையும் தொட்டு எண்ணவைத்தார். புடவை 640 இருந்தது. ஏப்ரல் 1-க்குப் பிறகு விற்றது 290. ஏப்ரல் 1-க்குப் பிறகு நெசவாளர்களிடமிருந்து வந்ததாகப் பதிவு 510. இருப்பதோடு விற்றதைக் கூட்டி, புதிதாக வந்ததைக் கழித்தால் மார்ச் 31-ல் 420 இருந்திருக்கவேண்டும். ஆண்டு முடிவுக் கணக்கில் 480 என்று இருந்தது.

60 புடவை குறைவு. செயலாளர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனிதர், இருபது வருஷமாக இதே சங்கம். "நான் ஒரு துணியையும் தொடலை சார்" என்றார்.

நண்பர் அந்த அறுபதையே பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னிரண்டால வகுபடுது, அண்ணா" என்றார் என்னிடம். கிடங்கிலிருந்து துணி களவு போனால் பதினேழு போகும், நாற்பத்தொன்று போகும். பன்னிரண்டு பன்னிரண்டாக ஐந்து தடவை போகாது. பன்னிரண்டு என்பது ஒரு பாவு. ஐந்து பாவு. காணாமல் போனது கிடங்கில் அல்ல, பதிவேட்டில்தான் எங்கோ என்று அவருக்குத் தோன்றியது. துணி வரவுப் பக்கங்களைத் திருப்பினார். மற்ற நெசவாளர்கள் இரண்டு, மூன்று என்று வாரத்துக்கு ஒருமுறை கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். மே மாதத்தில் ஐந்து பேர் மட்டும் ஒரே நாளில் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கொடுத்ததாக எழுதியிருந்தது. ஐந்தும் ஒரே பேனா, ஒரே மை.

கூலிப் பதிவேட்டில் அந்த ஐந்து பேருக்கும் கூலி எழுதப்பட்டிருந்தது. எதிரே கையெழுத்து இல்லை. "நூல் பாக்கியில் கழிக்கப்பட்டது" என்றிருந்தது. வங்கிக் கணக்கில் எதுவும் போகவில்லை. நெசவாளர் பேரேட்டில் அந்த ஐந்து பேர் கணக்கிலும் 2.9 கிலோ நூல் பல வருஷமாக நிலுவையில் நின்று, மே மாதத்தில் பூஜ்யமாகியிருந்தது.

ஒவ்வொரு நெசவுச் சங்கத்திலும் இந்த இடம்தான் சேறு. கிடங்கில் இருக்கும் நூலை எண்ணலாம், கிடங்கில் இருக்கும் துணியை எண்ணலாம். இரண்டுக்கும் நடுவே, நெசவாளர் வீட்டில், பாதி நூலும் பாதி துணியுமாகத் தறியில் கிடப்பதை எண்ண ஆளில்லை. ஆண்டு முடிவில் அது "நெசவாளர் வசம் நூல்" என்று சங்கத்தின் சொத்துப் பக்கத்தில் ஒரே தொகையாக ஏறுகிறது. நெசவாளர் தொழிலை விட்டுவிட்டாலும், இறந்துவிட்டாலும், அந்த நூல் வருஷா வருஷம் சொத்தாக முன்னெடுத்து எழுதப்படுகிறது. அதைத் தள்ளுபடி செய்ய நிர்வாகக் குழுவும் பொதுக்குழுவும் தீர்மானம் போட்டு, மேலே அனுமதி வாங்கவேண்டும். அதற்குள் யார் பொறுப்பு என்ற கேள்வி வரும். கேரளக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 1969-ன் 68-ஆம் பிரிவின்படி இழப்பைச் செய்தவரிடமிருந்தே வசூலிக்க உத்தரவிடலாம். அந்தப் பயத்தில்தான் செயலாளர் ஐந்து பேரும் துணி நெய்து கொடுத்ததாக எழுதி, கூலியை நூல் பாக்கியில் கழித்து, பேரேட்டைச் சுத்தம் செய்திருக்கிறார். நூலில் இருந்த ஓட்டையை அடைத்தபோது துணியில் 60 ஓட்டை விழுந்தது. அவர் கைக்கு ஒரு ரூபாய் வரவில்லை. இருந்தாலும் பொய்ப் பதிவு பொய்ப் பதிவுதான். ஐந்து பேர் சம்பாதிக்காத கூலி அவர்கள் வருமானமாக ஏட்டில் நிற்கிறது. நாளைக்கு ஓர் உதவித்தொகைக்கு எழுதிப்போட்டால் இதைக் காட்டி மறுப்பார்கள்.

"வாங்க, வீடுகளுக்குப் போலாம்" என்றார் நண்பர். தணிக்கைக்காரர் பதிவேட்டை மூடிவிட்டுத் தெருவுக்குள் நடப்பது அடிக்கடி நடக்கிற காரியமில்லை.

தேவாங்கர் தெரு நேராக, அகலமாக இருக்கிறது. பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி போட இடம் வேண்டுமென்றே அப்படிப் போட்ட தெரு. விடியற்காலையில் போடுவார்கள். மார்கழிக் கிழக்குக் காற்றில் கஞ்சி சட்டென்று காய்ந்து இழை மொரமொரத்துப்போகும், நெய்யும்போது பத்து வீச்சுக்கு ஒரு இழை அறும் என்று ஒருவர் சொன்னார். அந்த மாதங்களில் கழிவு கூடுவது அதனால்தான். தறியைக் குழிக்குள் இறக்கியிருப்பதால் தரையின் ஈரம் பாவுக்குக் கொஞ்சம் கிடைக்கிறது.

முதல் வீட்டில் தறியே இல்லை. குழியை மூடிச் சிமென்ட் பூசியிருந்தார்கள். மகன் கோவையில் வேலைக்குப் போய்விட்டான். நூலைப் பற்றி அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டாவது வீட்டில் நெய்தவர் இறந்து நாலு வருஷம். மூன்றாவதும் நான்காவதும் கஷ்ட காலத்தில் நூலை வெளியில் கொடுத்துவிட்டதாகச் சொல்லாமல் சொன்ன வீடுகள். ஆஸ்பத்திரிச் செலவு என்று ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நண்பர் அதை எழுதவில்லை, "நூல் இல்லை" என்று மட்டும் குறித்தார்.

ஐந்தாவது வீட்டுப் பெரியவருக்குக் கண்ணில் புரை. அறுவைச் சிகிச்சை செய்தும் 100-ஆம் நம்பர் இழை தெரியவில்லை. எங்கள் குரலைக் கேட்டதும், "நூலக் கேட்டு வந்தீங்களா? வரவே இல்லையேன்னு இருந்தேனுங்க" என்றார். தறியின்மேல் பழைய வேட்டி போர்த்தியிருந்தது. விலக்கினால் பாவு அப்படியே இருந்தது. ஓரமாக ஒரு கையகலம் எலி கடித்திருந்தது, மற்றபடி முழுசு. தகரப் பெட்டியைத் திறந்து ஊடைச் சிட்டங்களைக் காட்டினார். நானும் நண்பரும் அவர் மருமகளும் உட்கார்ந்து எண்ணினோம். 308. ஒவ்வொன்றும் நாலரை கிராமுக்குச் சற்றுக் கூட. பெருக்கினால் 1.4 கிலோ. பட்டுவாடாப் பதிவேட்டில் அவர் பக்கத்தில் எழுதியிருந்த அதே அளவு. ஒரு சிட்டம்கூடக் குறையவில்லை.

செயலாளர் வாசலில் நின்றார். இந்த வீட்டுக்கு அவர் வந்து பார்த்திருந்தால் இந்தப் பன்னிரண்டு புடவையைப் பொய்யாக எழுதியிருக்கத் தேவையில்லை. வந்தால் மற்ற நாலு வீட்டுக்கும் போகவேண்டும், போனால் தெரிந்ததை எழுதவேண்டும். அதனால்தான் வரவில்லை என்று நினைக்கிறேன்.

சங்கத்துக்குத் திரும்பி நண்பர் எழுதினார். மே மாதத்து 60 புடவை வரவும், அதற்கான கூலியும் ரத்து செய்யப்படவேண்டும். ரத்து செய்ததும் வரவு 450 ஆகி, பின்னோக்கிக் கணக்கில் மார்ச் 31 இருப்பு 480 என்று சரியாக வந்துவிடுகிறது. ஐந்து பேர் கணக்கிலும் நூல் பாக்கி மீண்டும் எழுதப்படவேண்டும். அதில் 2.9 கிலோ நேரில் பார்க்கப்பட்டது. மீதி நாலு பேரின் 11.6 கிலோ, ஏறக்குறைய இரண்டரைக் கட்டு, வசூலாகுமா என்பது சந்தேகம். அதற்கு ஈடாகத் தொகை ஒதுக்கி, பொதுக்குழுவில் வெளிப்படையாக வைத்து, அனுமதி பெற்றுத் தள்ளுபடி செய்யவேண்டும். பொய்ப் பதிவு எழுதியதற்குச் செயலாளரிடம் விளக்கம் கேட்கவேண்டும். இதை எழுதும்போது செயலாளர் எதிரே உட்கார்ந்திருந்தார். நண்பர் ஒரு வார்த்தையையும் மெல்லியதாக்கவில்லை. கூடவே, செயலாளருக்கு ஆதாயம் இல்லை என்பதையும் கூலிப் பதிவேட்டின் பக்க எண்ணோடு எழுதினார். அதுவும் உண்மைதானே.

இனிமேல் மார்ச் 31 அன்று நிர்வாகக் குழுவினர் இருவர் ஒவ்வொரு தறிக்கும் நேரில் போய், தறியில் நெய்தது எவ்வளவு, பாவு மிச்சம் எவ்வளவு, ஊடைச் சிட்டம் எத்தனை என்று எழுதி நெசவாளரிடம் கையெழுத்து வாங்கவேண்டும் என்றும் சேர்த்தார். தறியில் மிச்சப் பாவை அவிழ்க்காமலே அளக்கலாம். பாவு ஓட்டும்போதே புடவைக்கு ஒரு குறி வைத்திருப்பார்கள். வந்த புடவையை எண்ணிப் பன்னிரண்டில் கழித்தால் போதும்.

பெரியவரின் பாவை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. அடுத்த தெருவில் ஒரு பெண்ணின் தறி பாவில்லாமல் நிற்கிறது. அங்கே மாற்றலாம். எலி கடித்த இழைகளைச் சரிசெய்து, 3500 இழையையும் பழைய பாவின் நுனியோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கவேண்டும். இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு நாள். அதைச் செய்யப்போவது அந்தப் பெண்ணும் அவள் மாமியாரும். அதற்குக் கூலி எவ்வளவு என்று நண்பர் கேட்டார். செயலாளர் கூலிப் பதிவேட்டைப் புரட்டினார். புடவைக் கூலிக்குக் கட்டம் இருக்கிறது. பாவு பிணைப்பதற்கு இல்லை, தார் சுற்றுவதற்கும் இல்லை. எல்லாம் நெய்பவரின் கூலிக்குள் அடக்கம் என்றார். இந்தத் தெருவில் நெய்கிறவர் பெயர் ஒன்றுதான் ஏட்டில் இருக்கிறது, தறிக்குப் பக்கத்தில் ராட்டையோடு உட்கார்ந்திருப்பவர் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஒரு பாவுக்கு ஏறக்குறைய 290 சிட்டத்தைத் தாராகச் சுற்றித் தருகிறவர் அவர்.

நண்பர் பேனாவை எடுத்து இன்னொரு பத்தி எழுதினார். ஆயத்த வேலைக்கான கூலியைத் தனியாகப் பிரித்து, செய்தவர் பெயரில், அவர் வங்கிக் கணக்கில் கொடுக்கச் சங்கம் விதி செய்யவேண்டும். இந்த மாற்றுப் பாவுக்கு உடனடியாகத் தீர்மானம் போடலாம். தணிக்கை இப்படிப் பரிந்துரைக்கலாமா என்று செயலாளர் கேட்டார். நூல் கணக்கில் பிணைப்புக் கழிவுக்கு இடம் விட்டிருக்கிறீர்கள், பிணைக்கிற கைக்கு விடவில்லை, அது கணக்குக் குறைதான் என்றார் நண்பர். வரும் வெள்ளிக்கிழமை நிர்வாகக் குழு கூடுகிறது. பாவு மாற்றுவதும் பிணைப்புக் கூலியும் அன்றைய பொருளில் மூன்றாவதாக எழுதப்பட்டது.